பப்ளிக் பாலிசி முதுகலைக்கு எஸ்.ஓ.பி.: தெருமுனைக் குப்பையையும் பாடத்திட்டத்தையும் இணைப்பது எப்படி?

பொதுக் கொள்கை முதுகலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள், ஏன் படிக்க வருகிறோம் என்று சொல்லும் நோக்க அறிக்கையான எஸ்.ஓ.பி.யின் வரைவை எனக்கு அனுப்பும்போது கூடவே கேட்கும் கேள்விகள் இவை. உதாரணத்துக்கு என்னுடைய பழைய விண்ணப்பத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்தவர் வரைவைப் பொதுவில் பிரித்துப் போடுவது நியாயமில்லை. என்னுடையது என்றால் தாராளமாகத் திட்டிக்கொள்ளலாம்.

குப்பை, தண்ணீர், பஸ் என்று எல்லோரும் எழுதுவதைத்தானே நானும் எழுதப் போகிறேன்? புதுசாக ஏதாவது தேட வேண்டுமா?

தேட வேண்டாம். தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் குப்பையைப் பற்றி நூறு கட்டுரை படித்திருப்பார்கள், உண்மைதான். ஆனால் அந்த நூறில் பெரும்பாலானவை குப்பை என்ற தலைப்பைப் பற்றியவை. ஒரு தெருவில் காலை ஆறரை மணிக்கு விசில் ஊதிய பிறகு என்ன நடக்கிறது என்று எழுதியவை மிகச் சில. தலைப்பு பழசாக இருக்கலாம். நீங்கள் பார்த்தது பழசாக இருக்கக் கூடாது.

அபூர்வமான பிரச்சினையைத் தேடிப் போகிறவர்கள் வேறொரு குழியில் விழுவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டு செய்திக் கட்டுரையைப் படித்துவிட்டு ஆழ்கடல் மீன்பிடி பற்றி எழுதுவார்கள். நேர்காணலில் இரண்டாவது கேள்விக்கே தரை தட்டிவிடும்.

நான் ஐ.டி.யில் இருக்கிறேன். தொண்டு நிறுவனம், களப்பணி எதுவும் கிடையாது. "அருகில் பார்த்தேன்" என்று எப்படிச் சொல்வது?

உங்கள் அப்பார்ட்மென்ட் சங்கத்தில் தண்ணீர் லாரிக்குக் கணக்கு எழுதியிருக்கிறீர்களா? பாட்டியை ரேஷன் கடைக்குக் கூட்டிப்போய், கைரேகை விழாமல் மூன்று முறை திரும்பி வந்திருக்கிறீர்களா? அதுதான் அருகில் பார்ப்பது. களப்பணிச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்த விஷயத்தில் உங்களுக்குத் தெரிந்ததில் செய்தித்தாளில் வராத ஒரு விவரமாவது இருக்க வேண்டும். லாரி எத்தனை மணிக்கு வரும், யார் நோட்டில் கையெழுத்துப் போடுவார், எந்தக் கட்டத்தில் ஆள் திரும்பிப் போவார், இப்படி ஏதாவது. அது இல்லையென்றால் விண்ணப்பத்துக்கு முன்னால் இரண்டு வாரம் ஒதுக்கிப் போய் நின்று பாருங்கள். விடியற்காலையில் கொஞ்சம் தூக்கம் போகும், அவ்வளவுதான் செலவு.

என் வரைவில் முதல் பாதி ஊர்க்கதை, இரண்டாம் பாதி பாடப் பட்டியல். இரண்டையும் எப்படி ஒட்டுவது?

இதுதான் அசல் கேள்வி. இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பெரும்பாலானவர்கள் பிரச்சினையைச் சொல்லி முடித்துவிட்டு, "இதைத் தீர்க்க எனக்குப் பொருளியலும் புள்ளியியலும் தேவை" என்று தாவிவிடுகிறார்கள். அந்தத் தாவலில்தான் எல்லாம் போகிறது. உங்கள் அனுபவம் எந்த இடத்தில் முட்டி நின்றதோ, எந்தக் கேள்விக்கு எவ்வளவு யோசித்தும் உங்களால் பதில் சொல்ல முடியவில்லையோ, அந்த இடத்தை எழுதுங்கள். பாடம் அங்கேதான் வந்து உட்கார வேண்டும்.

என் கதை இது. நான் வளர்ந்தது ஒரு சின்ன நகராட்சியில். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே குப்பையை மக்குவது, மக்காதது, அபாயமானது என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. எங்கள் வீட்டில் அம்மா பச்சை வாளி, நீல வாளி வைத்துவிட்டார். தள்ளுவண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அக்காவும் தனித்தனிப் பக்கெட்டில்தான் வாங்குவார். தெருமுனைக்குப் போனதும் இரண்டும் ஒரே டிராக்டர் டிரெய்லரில் விழும்.

முதலில் நான் மக்களைக் குறை சொன்னேன்: பாதிப் பேர் பிரிக்காமல் கொடுக்கிறார்கள், அதனால்தான் கலக்கிறார்கள் என்று. சில நாள் வண்டியோடு நடந்து பார்த்ததில் அது அப்படி இல்லை. எங்கள் தெருவில் பிரித்துக் கொடுத்த வீடுகள்தான் அதிகம். அடுத்து அக்காவின் மேல் சந்தேகப்பட்டேன். கேட்டேவிட்டேன். அவர் சொன்னது: "உரக் கூடத்துல பத்து மணிக்கு மேல எடுக்க மாட்டாங்க தம்பி. டிராக்டர் எட்டரைக்கு வந்துரும். தனியா வச்சா எனக்கு ரெண்டு நடை. ரெண்டாவது நடைய யாரு எழுதுறா?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் என் விண்ணப்பத்தின் அச்சாணி. மேற்பார்வையாளரின் நோட்டைப் பார்த்தேன். தேதி, வண்டி எண், நடை, எடைமேடைச் சீட்டில் உள்ள எடை, இவ்வளவுதான் கட்டங்கள். பிரித்து வந்ததா, கலந்து வந்ததா என்பதற்குக் கட்டமே இல்லை. ஒப்பந்தக்காரருக்குப் பணம் டன் கணக்கில். ஈரக் குப்பைதான் எடை கூடியது. அதைப் பாதி வழியிலேயே உரக் கூடத்துக்குத் திருப்பிவிட்டால் குப்பைக் கிடங்கில் எடை குறையும், பணமும் குறையும். ஆக, பிரிப்பதால் அந்தச் சங்கிலியில் யாருக்கும் லாபமில்லை, சிலருக்கு நஷ்டம்கூட.

சரி, அப்படியானால் உரக் கூடத்துக்கு வந்து சேரும் ஈரக் குப்பையின் எடைக்குப் பணம் கொடுத்தால் தீர்ந்துவிடுமா? இங்கேதான் நான் முட்டி நின்றேன். எடைக்குக் காசு என்றால் தண்ணீர் தெளிப்பார்கள், மண் சேரும். தரத்தைப் பரிசோதித்துக் கொடுக்கலாம் என்றால் பரிசோதிப்பவருக்கு யார் சம்பளம், அவரை யார் கண்காணிப்பது? அளக்க முடிந்ததற்கு மட்டும் காசு கொடுத்தால் அளக்க முடியாதது கைவிடப்படும். இதைப் பொருளியலில் பிரின்சிபல்–ஏஜென்ட் சிக்கல் என்ற தலைப்பின் கீழ் படிக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விண்ணப்பத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: "எதை அளந்து, எதற்குப் பணம் கொடுத்தால் குப்பை பிரிந்தே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒப்பந்தங்களையும் ஊக்கத்தொகைகளையும் வடிவமைக்கக் கற்க விரும்புகிறேன்."

முட்டிய இரண்டாவது இடமும் உண்டு. பக்கத்து வார்டில் பிரிப்பது நன்றாக நடந்தது. நகராட்சி அங்கே பரப்புரையாளர்களை வீடு வீடாக அனுப்பியிருந்தது. அதனால்தான் நன்றாக நடக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்த வார்டில் பெரும்பாலும் தோட்டத்தோடு கூடிய தனி வீடுகள். பரப்புரைக்கு முன்பே அங்கே பாதிப் பேர் ஈரக் குப்பையை வாழை மரத்தடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பரப்புரையின் பலன் எவ்வளவு, வாழை மரத்தின் பலன் எவ்வளவு? இதைப் பிரித்துச் சொல்லப் புள்ளியியல் வேண்டும். பரப்புரை நடந்த வார்டு, நடக்காத வார்டு இரண்டிலும் முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று பார்த்து, ஒன்றில் வந்த மாற்றத்திலிருந்து மற்றதில் வந்த மாற்றத்தைக் கழிப்பது ஒரு வழி. பரப்புரையே இல்லாவிட்டால் இரண்டு வார்டும் ஒரே போக்கில் போயிருக்கும் என்று நம்ப முடிந்தால்தான் அந்தக் கழித்தல் செல்லும். சுலபமான வார்டைப் பார்த்துத்தான் பரப்புரையாளரை அனுப்பினார்கள் என்றால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். இதெல்லாம் படிப்பில் வருவது. விண்ணப்பத்தில் இந்தச் சந்தேகத்தைச் சொன்னால் போதும், முறையின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

மொத்தம் இரண்டு முட்டல், இரண்டு திறன். மூன்றாவதாகப் பொது நிதியையும் சேர்க்க ஆசைப்பட்டேன். இடம் இல்லாமல் விட்டேன். விட்டது நல்லதாகப் போயிற்று.

எழுத்தில் அது எப்படி இருக்கும்? ஒரு பத்தி காட்ட முடியுமா?

என் முதல் வரைவு, வெட்கத்தோடு: "எங்கள் நகரத்தில் குப்பை மேலாண்மை பெரும் சவாலாக உள்ளது. மக்களிடம் விழிப்புணர்வு இல்லை. அரசு இயந்திரத்திலும் ஒருங்கிணைப்பு இல்லை. தங்கள் பாடத்திட்டத்தில் உள்ள பொருளியல், புள்ளியியல், தலைமைப் பண்பு ஆகிய பாடங்கள் இச்சவாலை எதிர்கொள்ள எனக்கு உதவும்."

இதில் "குப்பை" என்பதை அடித்துவிட்டுத் "தண்ணீர்" என்று போடுங்கள். ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது. அப்படிப் பொருந்தினால் அது யாருடைய எஸ்.ஓ.பி.யும் இல்லை.

கடைசியாக அனுப்பியதில் அதே இடம் இப்படி இருந்தது: "எங்கள் வீட்டில் பிரித்த குப்பை தெருமுனையில் ஒன்றானது. மக்கள் பிரிப்பதில்லை என்று நினைத்தேன். தவறு. பணியாளருக்கு அக்கறை இல்லை என்று நினைத்தேன். அதுவும் தவறு. அவர் பிரித்து எடுத்துப்போகும் இரண்டாவது நடையை எழுத நோட்டில் கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தைச் சேர்ப்பது எளிது. சேர்த்த பிறகு யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை என்னால் கணிக்க முடியவில்லை. உங்கள் முதலாண்டில் உள்ள நுண்பொருளியலை நான் நாடுவது இந்தக் கணிப்புக்காக."

இரண்டு "தவறு"களையும் எடுத்துவிடச் சொன்ன நண்பர் ஒருவர் உண்டு, பலவீனமாகத் தெரிகிறதாம். நான் எடுக்கவில்லை. நேர்காணலில் அவற்றைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள்.

பேராசிரியர் பெயர்கள், பாடக் குறியீடுகள் எல்லாம் போட வேண்டுமா?

ஒன்றிரண்டு பாடத்தின் பெயர் போதும், அதுவும் உங்கள் முட்டலோடு சேர்ந்து வந்தால். ஐந்து பேராசிரியர் பெயரை வரிசையாக அடுக்குவது கல்யாணப் பத்திரிகையில் "தங்கள் நல்வரவை விரும்பும்" பட்டியல் மாதிரி இருக்கும். அந்தப் பாடம் இந்த ஆண்டு நடக்கிறதா என்று மட்டும் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். விருப்பப் பாடங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

ஒரே எஸ்.ஓ.பி.யை எல்லா இடத்துக்கும் அனுப்பலாமா?

பிரச்சினைப் பகுதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பிரச்சினையைப் பாடத்தோடு இணைக்கும் பாலம் மாற வேண்டும், ஏனென்றால் படிப்பின் உடம்பே வேறு. ஆக்ஸ்ஃபோர்டின் பிளாவட்னிக் பள்ளியில் முதுகலை ஓராண்டு. ஹார்வர்டு கென்னடி பள்ளியிலும் சிங்கப்பூரின் லீ குவான் யூ பள்ளியிலும் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியிலும் பொதுக் கொள்கை முதுகலை இரண்டாண்டு. ஓராண்டுப் படிப்புக்கு, வந்த முதல் வாரத்திலேயே கேள்வி கையில் தயாராக இருப்பவர் என்று தெரிய வேண்டும். இரண்டாண்டுப் படிப்பில் முதலாண்டு கருவிகளுக்கு, இரண்டாமாண்டு அவற்றை வைத்து ஏதாவது செய்ய. கென்னடி பள்ளியில் இரண்டாமாண்டில் உண்மையான ஒரு நிறுவனத்துக்காக அதன் உண்மையான சிக்கலை ஆராய்ந்து அறிக்கை தரும் பயிற்சி இருக்கிறது. என்னுடைய நோட்டுக் கட்டம் மாதிரியான கேள்வி வைத்திருப்பவர் இப்படி ஒரு பயிற்சியில் எந்த மாதிரி அலுவலகத்தோடு வேலை செய்ய விரும்புகிறார் என்று ஒரு வரி எழுதினால் பாலம் தானாக இறுகும்.

சட்டப் பள்ளிக்குள் இருக்கும் படிப்பென்றால் ஒப்பந்தம், விதி என்ற பக்கத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவரலாம். அதற்காகக் கதையை வளைக்காதீர்கள்.

எண்கள் வேண்டுமா? எங்கள் ஊருக்குப் புள்ளிவிவரமே கிடைப்பதில்லை.

நாட்டுக்கே உள்ள பெரிய எண்ணைப் போட்டு ஆரம்பிக்காதீர்கள். அது படிக்கிறவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். நீங்களே எண்ணியது நாலு இலக்கத்தைத் தாண்டாவிட்டாலும் பரவாயில்லை: எத்தனை வீட்டைப் பார்த்தீர்கள், எத்தனை நாள், எதை எண்ணினீர்கள். கூடவே அந்த எண்ணின் குறையையும் சொல்லிவிடுங்கள். நான் காலையில் மட்டும்தான் நின்றேன், மாலை நடை எனக்குத் தெரியாது. அதை எழுதினேன்.

ஆவணம் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலருக்கு மனு, தமிழ்நாட்டில் 10 ரூபாய் கட்டணம், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. இங்கே நிறையப் பேர் செய்யும் பிழை ஒன்று: "ஏன் குப்பையைக் கலக்கிறீர்கள்?" என்று கேட்பது. அலுவலகத்தில் பதிவாக இருப்பதைத்தான் சட்டப்படி கேட்டு வாங்க முடியும், விளக்கத்தை வாங்க முடியாது. "குறிப்பிட்ட ஒரு மாதத்தின் எடைமேடைச் சீட்டுகளின் நகல், ஒப்பந்தத்தில் பணம் வழங்கும் விதிமுறை உள்ள பக்கத்தின் நகல்" என்று கேளுங்கள். எனக்கு அந்த ஒப்பந்தப் பக்கம் கிடைத்த பிறகுதான் டன் கணக்கு என்பது ஊர்ப்பேச்சிலிருந்து உண்மையானது. டிசம்பரில் விண்ணப்பம் முடிகிறதென்றால் மனுவை செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள்.

நான் புகார் கொடுத்தேன், கவுன்சிலரைப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. தோல்வியை எழுதலாமா?

எழுதலாம், எங்கே நின்றது என்று தெரிந்தால். நானும் மனு கொடுத்தேன். ஒரு வாரம் டிராக்டரில் நடுவே தட்டி வைத்துப் பிரித்தார்கள். பிறகு தட்டி காணாமல் போயிற்று. "அதிகாரிகளின் அலட்சியம்" என்று எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். ஆனால் தட்டி வைத்ததால் டிரெய்லரின் ஒரு பக்கம் சீக்கிரம் நிறைந்தது, அதற்காக இன்னொரு நடை டீசல் செலவு, அதைக் கொடுக்க ஒப்பந்தத்தில் இடமில்லை. இதை எழுதியபோது தோல்வி ஒரு தகவலாக மாறியது.

அப்படியானால் யாரையாவது பெயர் சொல்லிக் குற்றம் சாட்டலாமா? எங்கள் ஊர் ஆணையர்தான் காரணம்.

வேண்டாம். மனிதரின் பெயரை எடுத்துவிட்டு அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பற்றி எழுதுங்கள். அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் எந்த எண்ணை மேலே அனுப்பியிருப்பீர்கள் என்று யோசித்தால் எழுத்து நிதானத்துக்கு வந்துவிடும். கட்சிப் பெயருக்கும் இதுவே.

தீர்வும் சொல்ல வேண்டாமா? தீர்வே இல்லாமல் போனால் வெறும் புலம்பலாகத் தெரியாதா?

முழுத் தீர்வு கையில் இருந்தால் இரண்டு ஆண்டு படிக்க எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டுவிடுவார்கள். நீங்கள் எடைபோட்டுப் பார்த்த ஒரு வழியையும், அது எங்கே உடையலாம் என்பதையும் சொல்லுங்கள். எடைக்குக் காசு, அதனால் தண்ணீர் தெளிப்பு என்று நான் மேலே சொன்னது அந்த வகை. செயலி ஒன்று செய்துவிடலாம் என்ற தீர்வு மட்டும் தயவுசெய்து வேண்டாம், பொறியியல் படித்தவர்களின் வரைவில் பத்துக்கு ஏழில் அது வருகிறது. நோட்டில் இல்லாத கட்டம் செயலியிலும் இருக்காது.

பொருளியல் படித்ததே இல்லை. அதை மறைப்பதா, சொல்வதா?

மதிப்பெண் சான்றிதழில் தெரியத்தான் போகிறது. ஒரு வரியில் சொல்லிவிட்டு, அதை ஈடுகட்ட என்ன படித்தீர்கள் என்பதை அடுத்த வரியில் வையுங்கள்.

விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் போகும். முதல் வரைவைத் தமிழில் எழுதலாமா?

நான் அப்படித்தான் செய்யச் சொல்வேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் நாம் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறோம். "பங்குதாரர்கள்", "அதிகாரமளித்தல்", "நிலையான வளர்ச்சி" என்று கை தானாக ஓடும். தமிழில் எழுதினால் அந்த அக்கா பேசிய மாதிரி "ரெண்டாவது நடைய யாரு எழுதுறா" என்று வந்து விழும். பிறகு ஆங்கிலத்தில் புதிதாக எழுதுங்கள், வரிக்கு வரி மாற்றாதீர்கள். நடை, எடைச்சீட்டு மாதிரிச் சொற்களை ஒருமுறை விளக்கிவிட்டு அப்படியே வைத்திருக்கலாம். அவற்றைப் படித்து யாரும் குழம்பியதாக எனக்குத் தெரிந்து இல்லை.

எத்தனை முறை திருத்துவது? முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் பப்ளிக் பாலிசி என்றால் என்னவென்றே தெரியாதவர். படித்து முடித்ததும் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "எனக்கு எது தெரியவில்லை என்று எழுதியிருக்கிறேன்?" என்று கேளுங்கள். அவர் அதைத் தன் வார்த்தையில் சரியாகச் சொன்னால் பாலம் நிற்கிறது. என் அம்மாவிடம் கேட்டபோது, "அந்த நோட்டுல கட்டம் போட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியல" என்றார். இன்னொருவர் அந்த வேலையை உள்ளே இருந்து பார்த்தவர். அவர் விவரப் பிழையைப் பிடிப்பார். நான் அக்காவிடமே வாசித்துக் காட்டினேன். உரக் கூடம் மூடும் நேரம் இப்போது ஒன்பதரை என்று திருத்தினார்.